ஞாயிற்றுக்கிழமை ஓடிய மீட்டர்

எங்கள் பள்ளியில் புராஜெக்ட் என்றால் சார்ட் பேப்பர் என்று அர்த்தம். அப்பா கடையில் போய்த் தெர்மாகோல் வாங்குவார், அம்மா ஒட்டுவாள், அக்கா எழுதித் தருவாள், பிள்ளை தூக்கிக்கொண்டு வரும். நாங்கள் மதிப்பெண் போடுவோம். அந்த மதிப்பெண் எந்தக் குடும்பத்துக்கு என்று எனக்கு இன்றுவரை விளங்கியதில்லை. நான் கணக்கு வாத்தியார். பெயர் லாயிட். புராஜெக்ட் என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும் என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நன்றாகத் தெரியும்.

ஆகவே, தனக்கோடி மிஸ் ஸ்டாஃப் ரூமில் என் எதிரே உட்கார்ந்து, "சார், இந்தத் தடவ நைன்த் பசங்கள கரெண்ட் ஆடிட் பண்ண வெக்கப் போறேன், கணக்குப் பக்கம் நீங்க பாத்துக்கறீங்களா?" என்று கேட்டபோது, என் வாயில் வந்த முதல் பதில் இங்கே எழுதத் தக்கதல்ல. இரண்டாவது பதில், "சார்ட்டா?" என்பது.

"சார்ட் இல்ல. மீட்டர்" என்றாள்.

தனக்கோடியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். அறிவியல் டீச்சர். ஸ்ரீராம்புரத்துக்காரி. அவள் அப்பா மாநகராட்சியில் துப்புரவு வேலை பார்த்தவர். விடியும் முன்பே வேலைக்குக் கிளம்ப வேண்டும் என்பதால், அந்த ஒற்றை அறை வீட்டில் சாப்பாடு முடிந்ததும் விளக்கை அணைத்துவிடுவார்களாம். பகலில் பொம்மசந்திராவில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை பார்த்து, சாயங்காலக் கல்லூரியில் பி.எஸ்ஸி முடித்தாள். படித்ததெல்லாம் பஸ்ஸில். எந்த பஸ்ஸில் எந்த சீட்டுக்கு மேல் விளக்கு எரியும் என்று பார்த்து ஏறுவாளாம். இதை அவள் சிரித்துக்கொண்டே சொல்வாள், பாவம் பார்ப்பதற்கு நமக்கு இடமே தரமாட்டாள்.

அப்படிப்பட்டவள் தசரா விடுமுறை முடிந்ததும் பள்ளியில் ஒரு சாயங்கால வகுப்பு ஆரம்பித்தாள். வகுப்பு என்று சொல்வதுகூடத் தப்பு. யாரும் பாடம் நடத்த மாட்டார்கள். பள்ளி விட்ட பிறகு வீட்டில் இடமில்லாத பிள்ளைகள் நாலு வகுப்பறைகளில் உட்கார்ந்து ஏழரை மணிவரை படிக்கலாம், எழுதலாம். அவள் நடுவில் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பாள். சம்பளம் கிடையாது. ஸ்ரீராம்புரத்திலிருந்தும் ஒக்கலிபுரத்திலிருந்தும் முப்பது நாற்பது பிள்ளைகள் வந்தார்கள். வந்தவர்களின் கணக்கு நோட்டு என் மேசைக்கு வரும்போது எனக்கே வித்தியாசம் தெரிந்தது.

அதே மாதத்திலிருந்து பள்ளியின் கரெண்ட் பில் ஏறியது. கொஞ்சம் நஞ்சமல்ல, ஏறியது இறங்கவே இல்லை. பள்ளிச் செயலாளர் கோதண்டராமன் சார் பில்லைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். கெட்ட மனுஷர் இல்லை. எல்லாவற்றுக்கும் காரணம் கேட்பவர், அவ்வளவுதான். "சாயங்காலம் கிளாஸ் ஆரம்பிச்சதும் பில்லு ஏறிச்சு. நான் என்னம்மா நெனைக்கறது? ஜனவரிக் கடைசில கமிட்டி கூடுது. அதுவரைக்கும் நடத்துங்க. அப்புறம் நிறுத்திடலாம்" என்றார்.

தனக்கோடி வாதாடவில்லை. வாதாடுவதற்கு அவளிடம் ஒன்றும் இல்லை. பில் ஏறியது உண்மை, விளக்கு எரிந்ததும் உண்மை. அதனால்தான் என்னிடம் வந்து மீட்டர் என்றாள். நானும் வேறு வழியில்லாமல் தலையாட்டினேன்.

ஒன்பதாம் வகுப்பைக் குழுக்களாகப் பிரித்தாள். வேலை எளிது. ஒவ்வொரு அறையாகப் போக வேண்டும். எத்தனை ஃபேன், எத்தனை டியூப்லைட் என்று எண்ண வேண்டும். ஒவ்வொன்றும் எத்தனை வாட் என்று எழுத வேண்டும். ஒரு நாளில் உண்மையிலேயே எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். வாட்டை மணியால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் யூனிட். பழைய ஃபேன் எழுபத்தைந்து வாட். பழைய டியூப்லைட் நாற்பது என்று எழுதியிருந்தாலும், அதன் சோக்கு தனியாகக் கொஞ்சம் தின்னும், அதனால் ஐம்பது என்று வைத்துக்கொள்ளச் சொன்னாள். ஃபேனை மெதுவாக வைத்தால் கரெண்ட் குறையுமா என்று ஒரு பிள்ளை கேட்டது. "சுவத்துல பெரிய பெட்டி மாதிரி ரெகுலேட்டர் இருந்தா பெருசா கொறையாது. மிச்சத்தை அது சூடாக்கி வீணாக்கிடும். தொட்டுப் பாரு, சுடும்" என்றாள். வகுப்பே வரிசையில் நின்று ரெகுலேட்டரின் மூடியைத் தொட்டுப் பார்த்தது. நானும் யாரும் பார்க்காதபோது தொட்டேன். சுட்டது. இத்தனை வருடம் அதன் பக்கத்தில்தான் நின்று அல்ஜீப்ரா நடத்தியிருக்கிறேன்.

முதல் இரண்டு நாள் கணக்கு எடுத்ததில் ஒரு கூத்து. ஆடிட் வருகிறது என்ற செய்தி பரவிவிட்டது. ஏழாம் வகுப்பு ஃபேனே போடாமல் உட்கார்ந்திருந்தது. எட்டாம் வகுப்பு லீடர் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு, இருட்டில் கன்னடப் பாடம் படிக்க வைத்தான். கணக்கெடுக்கப் போன வீணாவும் ஆஞ்சலாவும் திரும்பி வந்து, "மிஸ், நம்ம ஸ்கூல்ல யாருமே கரெண்ட் யூஸ் பண்றதில்ல" என்றார்கள். வீணா அந்த வகுப்பிலேயே அதிகம் பேசுகிறவள். ஆஞ்சலா பேசாமல் எழுதிக்கொண்டே இருப்பவள், சாயங்கால வகுப்புக்குத் தவறாமல் வருகிறவள்.

தனக்கோடி அந்த இரண்டு நாள் கணக்கைத் தூக்கிப் போட்டாள். "நாம பாக்கறோம்னு தெரிஞ்சா எல்லாரும் நல்லவங்கதான். ஒரு வாரம் சும்மா இருங்க. அப்புறம் தண்ணி குடிக்கப் போற மாதிரிப் போய்ப் பாருங்க" என்றாள். அப்படியே செய்தார்கள். ஏழாம் வகுப்பில் மறுபடி காற்று வீசியது.

இதற்கிடையில் தினமும் காலையும் மாலையும் மீட்டரைப் படித்தார்கள். மீட்டர், மாடிப்படிக்குக் கீழே ஒரு கம்பிக் கதவுக்குப் பின்னால் இருக்கிறது. நாங்கள் எல்லோரும் தினமும் அதைத் தாண்டித்தான் போவோம். ஒருவரும் திரும்பிப் பார்த்ததில்லை.

மறு கணக்கு முடிந்ததும் என்னிடம் கொண்டுவந்தார்கள். வகுப்பறைகள், ஆபீஸ், கம்ப்யூட்டர் ரூம், சாயங்கால வகுப்பு, எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு நாற்பத்தேழு யூனிட். அதில் சாயங்கால வகுப்பின் பங்கு ஆறு. மீட்டரோ எழுபத்து நாலு என்றது.

"கூட்டல் தப்பு" என்றேன். பிள்ளைகள் கூட்டினால் வேறென்ன இருக்கும்? நானே கூட்டினேன். நாற்பத்தேழுதான். மறுபடி கூட்டினேன். சிவப்பு மையைக் கையில் எடுத்துக்கொண்டு தப்பைத் தேடி, தப்பு கிடைக்காமல், பேனாவை மூடிவைத்தேன். அது எனக்கு அவ்வளவு சுலபமாக வருகிற காரியம் அல்ல.

"சார், அப்போ மிச்ச இருபத்தேழு யாரு சாப்பிடறா?" என்றாள் வீணா.

எனக்குத் தெரியவில்லை. தனக்கோடிக்கும் தெரியவில்லை. தெரியவில்லை என்பதைப் பிள்ளைகளிடம் அவள் சொன்ன விதம் எனக்குப் பிடித்திருந்தது. "தெரியலடி. வா, கண்டுபிடிக்கலாம்" என்றாள், அவ்வளவுதான்.

ஆஞ்சலா மெல்ல ஒரு யோசனை சொன்னாள். சனிக்கிழமை பள்ளி அரை நாள். பூட்டும்போது மீட்டரைப் படித்துவிட்டு, திங்கட்கிழமை திறக்கும்போது மறுபடி படித்தால்? நடுவில் யாரும் இல்லை. ஏறவே கூடாது.

திங்கட்கிழமை காலை பிரேயர் மணிக்கு முன்பே மாடிப்படிக்குக் கீழே கூட்டம். நானும் போனேன், வேடிக்கை பார்க்க என்று சொல்லிக்கொண்டு. வீணா சனிக்கிழமை எண்ணைச் சத்தமாகப் படித்தாள். ஆஞ்சலா கம்பிக்கு வெளியே குனிந்து இன்றைய எண்ணைப் படித்தாள். கழித்தேன். ஐம்பது யூனிட் ஏறியிருந்தது.

பூட்டின பள்ளி, காலி வகுப்பறைகள், அணைத்த விளக்குகள். அதற்குள் ஐம்பது யூனிட். நாங்கள் எல்லோரும் வீட்டில் பிரியாணி சாப்பிட்டுத் தூங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை முழுக்க இந்தக் கட்டடம் தன்பாட்டுக்கு எதையோ செய்துகொண்டிருந்திருக்கிறது. பின்னால் ஒரு பையன், "பேய் மிஸ்" என்றான். யாரும் சிரிக்கவில்லை.

அன்று மத்தியானம் எலக்ட்ரீஷியன் ரெமிஜியஸைக் கூப்பிட்டாள் தனக்கோடி. ரெமிஜியஸ் ஒக்கலிபுரத்தில் இருக்கிறார், எங்கள் பள்ளியின் வயரிங் வேலையெல்லாம் அவர்தான் பார்ப்பார். எந்த வேலைக்குக் கூப்பிட்டாலும் முதலில் முகத்தைச் சுளித்துவிட்டுத்தான் வருவார். "மீட்டரு ஓடும் மேடம், ஓடறதுதான் அதுக்கு வேல" என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் தலைமையாசிரியையிடம் அனுமதி வாங்கி, பள்ளி முழுக்க எல்லா சுவிட்சையும் அணைத்தார்கள். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு பிள்ளை நின்று கையைத் தூக்கிக் காட்டியது. அணைத்தாயிற்று. எல்லோரும் மீட்டரைப் பார்த்தோம்.

அந்த மீட்டரில் ஒரு சின்னச் சிவப்பு விளக்கு உண்டு. கடுகளவு. ஒரு யூனிட் ஓடினால் அது எண்ணூறு தடவை மினுக்கும் என்று மீட்டரிலேயே பொறித்திருக்கிறது. வேகமாக மினுக்கினால் நிறையப் போகிறது, மெதுவாக மினுக்கினால் கொஞ்சம் போகிறது. இப்போது ஒன்றுமே மினுக்கக் கூடாது.

மினுக்கியது. வீணா எண்ணினாள். நாலு நொடிக்கு ஒரு தடவை, சீராக, சலிக்காமல்.

"பதினஞ்சு ஃபேன் சார்" என்றாள் ஆஞ்சலா. எப்படி என்று கேட்டேன். "ஒரு ஃபேன் எழுபத்தஞ்சு வாட். ஒரு மணி நேரம் ஓடினா மீட்டர் அறுபது தடவ மினுக்கும். அப்போ ஒரு ஃபேனுக்கு நிமிஷத்துக்கு ஒண்ணு. இது நிமிஷத்துக்குப் பதினஞ்சு."

கணக்கு வாத்தியார் நான். அவள் சொல்லி முடித்தபின் மனதுக்குள் போட்டுப் பார்த்துத்தான் சரி என்றேன். எழுபத்தைந்தை எண்ணூறால் பெருக்கி ஆயிரத்தால் வகுத்தால் அறுபது. பதினைந்து ஃபேன் ஓடுகிறது, ஆனால் ஒரு ஃபேனும் ஓடவில்லை.

ரெமிஜியஸ் முகம் மாறியது. பிள்ளைகளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு, பக்கத்துப் பெட்டியைத் திறந்தார். ஒவ்வொரு பிரேக்கராகக் கீழே தள்ளினார். முதல் மாடி. மினுக்கியது. இரண்டாம் மாடி. மினுக்கியது. ஆபீஸ். மினுக்கியது. கடைசி வரிசையில் ஒன்றைத் தள்ளினார்.

நின்றது. நாங்கள் அந்தக் கடுகளவு விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். வரவில்லை. அதே நேரத்தில் இன்னொன்றும் நடந்தது. முற்றத்துப் பக்கம் ஒரு சத்தம் நின்றது. அது நின்ற பிறகுதான் அங்கே ஒரு சத்தம் இருந்தது என்பதே எங்களுக்குத் தெரிந்தது. மாதக்கணக்காகப் பள்ளி இரைச்சலுக்கும் ரோட்டு இரைச்சலுக்கும் அடியில் அது ஓடிக்கொண்டிருந்திருக்கிறது.

"மோட்டரு" என்றார் ரெமிஜியஸ் மெதுவாக.

மறுபடி போட்டார். முற்றத்துக்கு ஓடினோம். தரைக்கு அடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது, நாங்கள் சம்ப் என்போம். மோட்டார் அந்தத் தண்ணீருக்குள்ளேயே மூழ்கிக் கிடப்பது, அதனால் வெளியே பெரிதாகக் கேட்காது. ரெமிஜியஸ் இரும்பு மூடியைத் தூக்கினார். பிள்ளைகளைக் கைக்கெட்டாத தூரத்தில் நிறுத்திவிட்டுத் தனக்கோடியும் நானும் எட்டிப் பார்த்தோம். மொட்டை மாடியிலிருந்து இறங்கும் மழைக்குழாயிலிருந்து தண்ணீர் சம்ப்புக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. நான் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தேன். ஜனவரி மாதத்து வானம், ஒரு துண்டு மேகம் இல்லை. வெயில் பளீரென்று அடிக்கிறது. மழைக்குழாயில் தண்ணீர் கொட்டுகிறது.

நான் எத்தனையோ கணக்குப் போட்டிருக்கிறேன். ஒரு தொட்டியை ஒரு குழாய் நிரப்புகிறது, இன்னொரு குழாய் காலி செய்கிறது என்று வருஷா வருஷம் பரீட்சைக்குக் கொடுத்திருக்கிறேன். அது நிஜமாக என் கண்ணெதிரே நடந்து பார்த்தது அன்றுதான். மோட்டார் தண்ணீரை மேலே ஏற்றுகிறது. மேல் தொட்டி நிரம்பி வழிகிறது. வழிந்தது மழைக்குழாய் வழியாக மறுபடி சம்ப்புக்கு வருகிறது. மோட்டார் மறுபடி ஏற்றுகிறது. இரவும் பகலும், ஞாயிறும் பொங்கலும், ஒரு சொட்டும் வெளியே சிந்தாமல் அதே தண்ணீர் சுற்றிச் சுற்றி வந்திருக்கிறது. இவ்வளவு பெரிய காரியம் என் காலடியில் நடக்க, நான் அதன் மேல் நடந்து டீ குடிக்கப் போயிருக்கிறேன்.

ரெமிஜியஸ் மாடிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். தொட்டி நிரம்பினால் மோட்டாரைத் தானாக நிறுத்தும் மிதவை சுவிட்ச் உள்ளே ஒட்டிக்கொண்டுவிட்டதாம். அது மோட்டாரை நிறுத்துவதே இல்லை. தசரா லீவில்தான் போயிருக்கும் என்றார்.

"சுவிட்சு போறது சகஜம். ஆனா தொட்டி வழிஞ்சா கீழ யாராச்சும் கத்துவாங்கல்ல?" என்று நான் கேட்டேன். இந்த ஊரில் தொட்டி வழிவதைப் பார்த்தால் முன்பின் தெரியாதவன்கூட ரோட்டிலிருந்து, "மோட்டரு ஆஃப் பண்ணுங்க" என்று கத்துவான். கத்த வேண்டுமானால் தண்ணீர் கண்ணில் பட வேண்டும். எங்கள் பள்ளியில் படவில்லை.

வீணா மழைக்குழாயை அண்ணாந்து பார்த்தாள். பிறகு, "மிஸ், அந்தப் பைப்பு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

அந்தப் பைப்பு எங்கள் எல்லோருக்கும் தெரியும். இரண்டு வருடத்துக்கு முன் ஊரில் தண்ணீர்ப் பஞ்சம் வந்து, டேங்கர் லாரிக்கு நாக்கு வறண்டு காத்திருந்த கோடையில், அப்போதைய ஒன்பதாம் வகுப்பு ஒரு புராஜெக்ட் செய்தது. வழியும் தண்ணீர் முற்றத்தில் கொட்டி வீணாகாமல், அதை மழைக்குழாயில் சேர்த்துச் சம்ப்புக்கே திருப்பிவிட்டார்கள். மாவட்ட அளவில் பரிசு கிடைத்தது. கேடயம் தலைமையாசிரியை அறையில் இருக்கிறது. அதில் வழிகாட்டி ஆசிரியை என்று பொறித்திருக்கும் பெயர் தனக்கோடி.

அவள் சம்ப்பின் ஓரத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கொட்டும் தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் சுண்டவில்லை என்பதுதான் எனக்கு ஆச்சரியம். "எவ்ளோ அழகா திரும்பி வருது பாருங்க சார்" என்றாள். அதற்குப் பிறகுதான் கண் கலங்கியது.

சாயங்காலம் பிள்ளைகள் போன பிறகு ரெமிஜியஸ் அவளிடம் தனியாகச் சொன்னார். நானும் பக்கத்தில் இருந்தேன். "மேடம், சுவிட்சு கெட்டுப் போச்சு, மாத்திட்டோம்னு கமிட்டில சொல்லிடுங்க. பைப்பு மேட்டர எதுக்கு எடுக்கணும்? செயலாளரு அதையே புடிச்சுக்குவாரு. உங்க கிளாஸ்தான் போயிடும்."

நானும் அதையே சொன்னேன். இன்னும் கொஞ்சம் இலக்கணமாகச் சொன்னேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

"சுவிட்ச மட்டும் மாத்தினா நாளைக்கு மறுபடி ஒட்டிக்கும் சார். அப்பவும் யாருக்கும் தெரியாது. பைப்ப சொல்லாம எப்படி? பசங்க கண்ணால பாத்திருக்காங்க. பாத்தத எழுதாதீங்கன்னு நான் சொன்னா, அப்புறம் இது சார்ட் பேப்பர்தான" என்றாள் தனக்கோடி.

எனக்கு உறைத்தது.

புது மிதவை சுவிட்ச் பொருத்திய நாளில் ஆஞ்சலாவின் கணக்கைச் சோதித்துவிட வேண்டும் என்று எனக்கு ஆசை. ரெமிஜியஸ் ஒரே ஒரு பிரேக்கரைத் தவிர எல்லாவற்றையும் நிறுத்தினார். ஒன்பதாம் வகுப்பில் ஒரே ஒரு ஃபேனை முழு வேகத்தில் ஓடவிட்டோம். மீட்டர் ஒரு தடவை மினுக்கியது. வீணா கைக்கடிகாரத்தைப் பார்த்து வாய்க்குள் எண்ண ஆரம்பித்தாள். எல்லோரும் அசையாமல் நின்றோம். ஐம்பத்தெட்டு, ஐம்பத்தொன்பது, அறுபது. மினுக்கியது.

காகிதத்தில் ஒரு பெண் பெருக்கி வகுத்துச் சொன்னதை, சுவரில் மாட்டிய ஒரு பெட்டி, எங்களுக்கு முன்னால் ஆமாம் என்று சொன்னது. கணக்கு உண்மை என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அது உண்மை என்று அன்றுதான் பார்த்தேன்.

கமிட்டிக் கூட்டத்தில் ஆஞ்சலாதான் படித்தாள். குரல் நடுங்கியது, எண்கள் நடுங்கவில்லை. ஒரு நாளைக்கு ஓடும் எழுபத்து நாலு யூனிட்டில் மோட்டார் தின்றது இருபத்தேழு, சாயங்கால வகுப்பு ஆறு. பிறகு யோசனைகள். ஜன்னலோர டியூப்லைட்டுகளுக்குத் தனி சுவிட்ச் வைத்தால் பகலில் அவற்றை அணைக்கலாம். பெட்டி ரெகுலேட்டர்களை மாற்றலாம். சாயங்காலப் பிள்ளைகள் நாலு அறைக்குப் பதில் எல்.இ.டி. விளக்கு உள்ள கீழ் ஹாலில் ஒன்றாக உட்காரலாம், குளிர்காலத்தில் ஃபேன் வேண்டாம். கடைசியாக, தொட்டி வழியும் குழாயை நேராகச் சம்ப்புக்கு விடாமல், கை கழுவும் தொட்டிக்கு மேலே எல்லோர் கண்ணிலும் படும்படி திறந்து விட்டு, அங்கிருந்து சம்ப்புக்குக் கொண்டுபோகலாம். தண்ணீரும் வீணாகாது, வழிந்தால் யாராவது கத்துவார்கள்.

கோதண்டராமன் சார் கண்ணாடியைக் கழற்றினார். "அந்தப் பைப்ப அப்படி மூடி விட்டது யாரு?"

"நான்தான் சார்" என்று தனக்கோடி எழுந்து நின்றாள். "தண்ணி மிச்சமாகறத மட்டும் பாத்தேன். கரெண்ட பாக்கல."

அவர் கண்ணாடியைத் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு, "பேப்பர்ல யாரு வேணா எழுதலாம்மா. உங்க சாயங்காலக் கிளாஸ் எவ்வளவு இழுக்குதுன்னு நான் நேர்ல பாக்கணும். அப்புறம் சொல்றேன்" என்றார்.

மறு திங்கட்கிழமையே வந்தார். சொல்லாமல் வந்தார், ஆடிட் என்றால் அப்படித்தான் வர வேண்டும் என்று அவரும் கற்றுக்கொண்டுவிட்டார்போல. ஆறரை மணி இருக்கும். ஹாலில் பிள்ளைகள் குனிந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். ஆறு விளக்குகளில் மூன்றுதான் எரிந்தது, ஆடிட்டுக்குப் பிறகு அவர்களாகவே அப்படி முடிவு செய்திருந்தார்கள். அவர் உள்ளே போகாமல் நேராக மாடிப்படிக்குக் கீழே போய் மீட்டர் முன் நின்றார். நானும் வீணாவும் பின்னால் நின்றோம். தனக்கோடி ஹால் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

மினுக்கியது. அடுத்ததற்காக அவர் காத்திருந்தார். வரவில்லை. குனிந்து பார்த்தார். இன்னும் வரவில்லை. "கெட்டுப் போச்சா?" என்றார்.

"இல்ல சார், வரும்" என்றாள் வீணா. "ஆபீஸ்ல இருக்கற கேமராப் பெட்டியும் மூணு லைட்டும் மட்டும்தான் ஓடுது. முக்கால் நிமிஷத்துக்கு ஒண்ணு வரும்."

நாங்கள் காத்திருந்தோம். ஹாலுக்குள்ளிருந்து பக்கம் புரளும் சத்தம் வந்தது. யாரோ ஒரு பிள்ளை கன்னடச் செய்யுளை முணுமுணுத்து மனப்பாடம் செய்தது. அத்தனை பிள்ளைகள் படிக்கும் படிப்பு முழுக்க அந்த இரண்டு மினுக்கலுக்கு நடுவில் அடங்கிக் கிடந்தது. பிறகு அந்தக் கடுகு விளக்கு ஒரே ஒரு தடவை மினுக்கியது.

"இதுக்கா நான் நிறுத்தச் சொன்னேன்" என்றார் கோதண்டராமன் சார், யாரிடமும் இல்லாமல்.

பிறகு ஹாலுக்குள் போனார். பிள்ளைகள் எழுந்து நிற்க, உட்காரும்படி கையைக் காட்டினார். வரிசைகளுக்கு நடுவே மெல்ல நடந்து, கடைசி மூலையில் நோட்டை முகத்துக்கு அருகில் பிடித்துக்கொண்டு எழுதிய ஆஞ்சலாவின் பக்கத்தில் நின்றார். தலையைத் தூக்கி மேலே அணைந்து கிடந்த விளக்கைப் பார்த்தார். சுவிட்ச் போர்டு வரைக்கும் திரும்பி நடந்து, எது எது என்று தெரியாமல் இரண்டு சுவிட்சைத் தப்பாகப் போட்டு அணைத்து, மூன்றாவதில் அந்த விளக்கைக் கண்டுபிடித்துப் போட்டார்.

ஆஞ்சலா பதறிப்போய், "சார், மூணு போதும் சார். நாங்க ரிப்போர்ட்ல எழுதியிருக்கோம்" என்றாள்.

"ரிப்போர்ட்ட மாத்தி எழுதும்மா. நாலுன்னு எழுது" என்றார் அவர்.